நீண்ட தணிக்கை அறிக்கைக்கு ஒரு பக்க முகப்புக் குறிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்தணிக்கை அறிக்கையோடு பொது மேலாளருக்கு அனுப்பும் முகப்புக் குறிப்பை எழுதும் பொறுப்பு முதன்முறையாகத் தங்களிடம் வரும்போது அலுவலர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே அறிக்கையையே எடுத்துக்காட்டாகக் கொண்டுள்ளேன். அது இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் கொள்முதல், ஸ்டோர், பில் பட்டுவாடா ஆகிய மூன்றையும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதங்களுக்குத் தணிக்கை செய்த 86 பக்க அறிக்கை. அதில் 38 தணிக்கைக் குறிப்புகள் இருந்தன. நிறுவனம் அடையாளம் தெரியாதபடி தொகைகளையும் தேதிகளையும் மாற்றியிருக்கிறேன்.

அறிக்கையிலேயே சுருக்கம் இருக்கிறதே, தனியாக முகப்புக் குறிப்பு எதற்கு?

அறிக்கையின் சுருக்கம் எல்லோருக்குமானது. கணக்குப் பிரிவு, கொள்முதல் பிரிவு, தணிக்கைக் குழு, பிறகு வரும் சட்டப்பூர்வத் தணிக்கையாளர் என அனைவரும் அதைப் படிப்பார்கள். முகப்புக் குறிப்பு ஒரே ஒருவருக்கானது. அவருடைய அதிகாரத்தால் மட்டுமே நடக்கக்கூடிய காரியங்களை அவர் முன் வைப்பதே அதன் வேலை. பிரிவுத் தலைவரே ஆணையிட்டு முடித்துவிடக்கூடிய ஒரு குறை, அறிக்கையில் எவ்வளவு பெரிதாக எழுதப்பட்டிருந்தாலும், குறிப்பில் ஒரு வரிக்கு மேல் இடம்பெற வேண்டியதில்லை. இரண்டு பிரிவுகளுக்கு இடையில் அதிகாரத்தை மாற்ற வேண்டும், புதிய பணியிடத்துக்கு ஒப்புதல் வேண்டும், சட்டத்தின் கெடு நெருங்குகிறது என்பன போன்றவை அறிக்கையின் 61ஆம் பக்கத்தில் ஒளிந்து கிடந்தாலும் குறிப்பில் முதலில் வர வேண்டும்.

38 குறிப்புகளில் எதை எடுப்பது, எதை விடுவது?

தொகையின் வரிசையில் எடுக்காதீர்கள். காரணத்தின்படி அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே "இது ஏன் நடந்தது" என்று ஒரு வரி எழுதிக்கொண்டு, ஒரே விடை உள்ளவற்றை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். எங்கள் அறிக்கையில் 38இல் 27 குறிப்புகள் மூன்றே காரணங்களில் அடங்கின.

விற்பனையாளர் கணக்கைக் கணினியில் புதிதாகத் தொடங்குபவரும் அதே விற்பனையாளரின் பில்லைப் பதிபவரும் ஒருவராக இருந்தது முதல் காரணம். இரண்டாம் ஷிப்டில் ஸ்டோரில் ஒரே ஒரு எழுத்தர் இருந்ததால், லாரியில் வந்த சரக்கை எண்ணாமலும் எடை போடாமலும் பில்லில் இருந்த அளவையே வரவுச் சீட்டில் எழுதியது இரண்டாவது. குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டிய கடைசி நாளைக் கணினி கணக்கிடாமல், எல்லா விற்பனையாளருக்கும் 60 நாள் என்றே வைத்திருந்தது மூன்றாவது. மீதி 11 குறிப்புகள் கையொப்பம் விடுபட்டது, கோப்பில் விலைப்புள்ளி இல்லாதது போன்றவை. அவை "பிரிவுத் தலைவர்கள் அளவில் சரிசெய்யப்பட்டு வருகின்றன, விவரம் இணைப்பு 4இல் உள்ளது" என்ற ஒரு வரியில் அடங்கிவிட்டன.

நிர்வாகம் கேட்பது மொத்தத் தொகையைத்தானே, எல்லாவற்றையும் கூட்டிப் போட்டால் என்ன?

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இந்த அறிக்கைக்கான முதல் வரைவில், இருமுறை பணம் கொடுக்கப்பட்ட பில்கள் 6.8 லட்சம், எண்ணிப் பார்த்ததற்குச் சான்றில்லாத சரக்கு வரவு 31 லட்சம், கெடு தாண்டிய பில்கள் 14.2 லட்சம் ஆகிய மூன்றையும் கூட்டி, "மொத்தப் பாதிப்பு ரூ. 52 லட்சம்" என்று எழுதினேன். வரைவு மேலே போன அன்றே நிதித் தலைவரை அழைத்து, 52 லட்சம் எங்கே போயிற்று என்று கேட்டுவிட்டார்கள். ஸ்டோர் எழுத்தர் மீது விசாரணை வைக்கலாமா என்பது வரை பேச்சு சென்றது. உண்மையில் நிறுவனத்தின் கையைவிட்டுப் போய் இன்னும் திரும்பாத பணம் 2.7 லட்சம் மட்டுமே. நான் கூட்டிய ஒரு கூட்டலால் ஒரு மனிதர் ஒரு வாரம் தூக்கமில்லாமல் இருந்தார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இந்த மூன்று தொகைகளும் வெவ்வேறு இனம். இருமுறை கொடுத்த 6.8 லட்சம் நடந்து முடிந்த இழப்பு, அதில் 4.1 லட்சம் அடுத்த பில்களில் ஈடுசெய்யப்பட்டுவிட்டது. சரக்கு வரவில் சொல்லப்பட்ட 31 லட்சம் இழப்பே அல்ல; அந்த மதிப்புள்ள சரக்கு முழுமையாக வந்ததா இல்லையா என்று சான்றின் மூலம் சொல்ல முடியவில்லை என்பதுதான் பொருள், ஒரு ரூபாய் குறைவும் இல்லாமல் வந்திருக்கவும் கூடும். கெடு தாண்டிய 14.2 லட்சம் எப்படியும் கொடுக்க வேண்டிய கடன்; அதன் மேல் ஏறும் வட்டியும் வரியில் ஏற்படும் விளைவும்தான் பாதிப்பு. ஆகவே ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்திலேயே "இழந்தது", "சரிபார்க்க இயலாதது", "கொடுக்க வேண்டியது" என்ற சொல் இருக்க வேண்டும். மூன்றுக்கும் கீழே கோடு போட்டுக் கூட்டக் கூடாது.

"60இல் 14" என்று அறிக்கையில் இருக்கிறது. சுருக்கும்போது "14 இடங்களில் குறை" என்று போடலாமா?

கூடாது. 60 என்பது நாங்கள் எடுத்துப் பார்த்த சரக்கு வரவுச் சீட்டுகளின் எண்ணிக்கை. அந்த ஆறு மாதங்களில் போடப்பட்ட சீட்டுகள் அதைவிட மிக அதிகம். "14 இடங்களில்" என்று மட்டும் படிக்கும் மேலாளர், அந்த 14ஐச் சரிசெய்தால் காரியம் முடிந்தது என்று நினைப்பார். "தேர்ந்தெடுத்துப் பார்த்த 60 சீட்டுகளில் 14இல்" என்று சில சொற்கள் கூடுதலாக எழுதினால், பார்க்காதவற்றிலும் இதே குறை இருக்கக்கூடும் என்பது அவருக்குப் புரியும். அதற்காக 14ஐ விகிதமாக்கி மொத்தத்துக்கும் பெருக்கி எழுதுவதும் தவறுதான். இரண்டாம் ஷிப்டில் வந்தவற்றையே நாங்கள் அதிகம் எடுத்தோம் என்பதால் அந்த விகிதம் முழுமைக்கும் பொருந்தாது.

இருமுறை பட்டுவாடாவில் நிலைமை வேறு. அங்கே 1,860 பில்களையும் ஒன்று விடாமல் கணினியில் ஒப்பிட்டோம். பில் எண்ணில் உள்ள சாய்கோடு, இடைக்கோடு, முன்னால் வரும் பூஜ்யம் ஆகியவற்றை நீக்கிவிட்டு, ஜிஎஸ்டி எண்ணும் தொகையும் ஒன்றாக இருப்பவற்றைத் தேடியபோதுதான் `INV/0457` என்றும் `INV-457` என்றும் ஒரே பில் இரண்டு விற்பனையாளர் கணக்குகளில் பதிவாகியிருந்தது தெரிந்தது. பில் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் கணினி தடுக்கும். இங்கே கணக்கும் வேறு, எண்ணின் வடிவமும் வேறு. முழுமையாகப் பார்த்தது எது, மாதிரியாகப் பார்த்தது எது என்பதைக் குறிப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒருவர் பெயர் அடிபடுகிறது. குறிப்பில் எழுதலாமா?

எழுதக் கூடாது, பதவியைக் குறிப்பிட்டாலும் ஆள் தெரிந்துவிடும் இடங்களில் அதையும் தவிர்க்க வேண்டும். இந்த நிகழ்வில் இரண்டு விற்பனையாளர் கணக்குகளையும் தொடங்கியவர் ஒருவரே. ஆனால் இரண்டு கணக்குகளிலும் பதிவாகியிருந்த வங்கிக் கணக்கு எண் ஒன்றுதான்; அது உண்மையான விற்பனையாளருடையதுதான் என்பதை ரத்து செய்யப்பட்ட காசோலையோடு ஒப்பிட்டு உறுதிசெய்தோம். கூடுதல் பணம் விற்பனையாளரிடமே போயிருக்கிறது. அவர் திருப்பிக் கொடுத்தும் வருகிறார். ஆகவே குறிப்பில் "கட்டுப்பாட்டுக் குறைபாடு" என்று எழுதினோம். இரண்டாவது கணக்கில் வேறொரு வங்கி எண் இருந்திருந்தால் அது முகப்புக் குறிப்பில் எழுதும் விஷயமே அல்ல. தனி ரகசியக் கடிதமாகத் தணிக்கைக் குழுத் தலைவருக்குச் சென்றிருக்க வேண்டும்.

கொள்முதல் தலைவர் எங்கள் தணிக்கைக் குறிப்பை ஏற்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமா?

சொல்லியே ஆக வேண்டும், அவருடைய வாதத்தின் முழு வலிமையோடு. எங்கள் அறிக்கையில் அவர், பணம் கொடுப்பதற்கான 45 நாள் கெடுவைத் தரப் பரிசோதனை முடிந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், அப்படி எண்ணினால் பெரும்பாலான பில்கள் கெடுவுக்குள் வந்துவிடும் என்று எழுதியிருந்தார். அவருடைய பதிலை "ஏற்கவில்லை" என்ற ஒரே சொல்லில் சுருக்கியிருந்தால் பொது மேலாளருக்கு யார் சொல்வது சரி என்று தெரிந்திருக்காது.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இதற்குத் தெளிவான விடை சொல்கிறது. எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஏற்ற நாள் என்பது சரக்கு நம் வாசலுக்கு வந்து சேர்ந்த நாள்தான். வந்த 15 நாளுக்குள் குறை இருக்கிறது என்று எழுத்தில் தெரிவித்திருந்தால் மட்டுமே, விற்பனையாளர் அந்தக் குறையை நீக்கிய நாள் ஏற்ற நாளாகும். பரிசோதனை உள்ளே நடந்துகொண்டிருந்தது என்பதால் மட்டும் நாள் தள்ளிப்போகாது. கெடு தாண்டிய 23 பில்களில் ஒன்றில்கூட எழுத்துமூல ஆட்சேபம் அனுப்பப்படவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களைக் குறிப்பில் சேர்த்ததும் விவாதம் முடிந்தது. கொள்முதல் தலைவரும் தம் நிலையை மாற்றிக்கொண்டார்.

சட்ட விளைவை எந்த அளவுக்கு விளக்குவது?

முடிவெடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். வங்கி வீதம் 6 சதவீதம் என்றால் வட்டி 18 சதவீதம். அந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. அதோடு, 2023 நிதிச் சட்டத்தின் மூலம் வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதியின்படி, கெடு தாண்டியும் மார்ச் 31 அன்று கொடுக்கப்படாமல் நிற்கும் பில்லின் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. எந்த ஆண்டில் கொடுக்கிறோமோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். பொது மேலாளருக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றே: வட்டி இன்றே ஏறிக்கொண்டிருக்கிறது, வரி விளைவைத் தவிர்க்க மார்ச் 31 வரை அவகாசம் உண்டு. பிரிவு எண்களெல்லாம் இணைப்பில் இருந்தால் போதும்.

பரிந்துரைகளை எப்படி எழுதினால் காரியம் நடக்கும்?

"கட்டுப்பாடுகளை வலுப்படுத்த வேண்டும்", "உரிய நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்" என்று எழுதினால் "பார்த்தேன்" என்று கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புவதைத் தவிர அவரால் வேறு ஒன்றும் செய்ய இயலாது. யார், எதை, எந்த நாளுக்குள் செய்ய வேண்டும், அதற்கு அவர் எதற்கு ஒப்புதல் தர வேண்டும், நடந்துவிட்டது என்பதை எதைக் கண்டு அறிவது ஆகியவை அந்த வாக்கியத்திலேயே இருக்க வேண்டும். செலவு இருந்தால் மறைக்கக் கூடாது. ஸ்டோருக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்டபோது, அது முடியாவிட்டால் இரண்டாம் ஷிப்டில் சரக்கு இறக்குவதையே நிறுத்தலாம் என்ற மாற்று வழியையும், அதனால் லாரிகள் இரவு காத்திருக்க வேண்டிவரும் என்பதையும் சேர்த்தே எழுதினோம். அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலையில்தான் முடிவு விரைவாக வந்தது.

முழுக் குறிப்பு ஒன்றைக் காட்ட முடியுமா?

மேலே சொன்ன அறிக்கையோடு சென்ற குறிப்பின் வாசகம் இது:

> பெறுநர்: பொது மேலாளர்
> பொருள்: கொள்முதல், ஸ்டோர், பில் பட்டுவாடா உள்தணிக்கை அறிக்கை (ஏப்ரல்–செப்டம்பர்), மூன்று ஆணைகள் வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> இணைப்பில் உள்ள 86 பக்க அறிக்கையில் கீழ்க்காணும் மூன்று இனங்களில் தங்கள் ஆணை தேவைப்படுகிறது. முதல் இனத்துக்கு நவம்பர் 25க்குள் ஆணை வழங்க வேண்டுகிறோம்.
>
> 1. குறு, சிறு நிறுவனங்களின் 23 பில்கள் (ரூ. 14.2 லட்சம்) 45 நாள் கெடுவைத் தாண்டியுள்ளன, அவற்றில் 9 இன்னும் கொடுக்கப்படவில்லை. வட்டி ஏறிவருகிறது. நிலுவையில் உள்ள 9 பில்களையும் நவம்பர் 30க்குள் தீர்க்கவும், சரக்கு வந்த நாளிலிருந்து கெடுவைக் கணினியே கணக்கிடும்படி நிதிப் பிரிவு டிசம்பர் 15க்குள் மாற்றவும் ஒப்புதல் வேண்டுகிறோம். பரிசோதனை நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பது கொள்முதல் தலைவரின் கருத்து. 15 நாளுக்குள் எழுத்துமூல ஆட்சேபம் இல்லாததால் சட்டப்படி அது பொருந்தாது (பக்கம் 61).
>
> 2. 1,860 பில்களையும் ஒப்பிட்டதில் 4 பில்களுக்கு இருமுறை பணம் சென்றுள்ளது. இழந்தது ரூ. 6.8 லட்சம்; ஈடுசெய்யப்பட்டது 4.1 லட்சம், வர வேண்டியது 2.7 லட்சம். பில் பதிபவரே விற்பனையாளர் கணக்கும் தொடங்குவது காரணம். கணக்குத் தொடங்கும் அதிகாரத்தை நிதித் துணை மேலாளருக்கு மாற்ற ஆணை வேண்டுகிறோம் (பக்கம் 22).
>
> 3. தேர்ந்தெடுத்துப் பார்த்த 60 சரக்கு வரவுகளில் 14இல் (ரூ. 31 லட்சம்) எண்ணியதற்கோ எடை போட்டதற்கோ சான்று இல்லை. இழப்பு கண்டறியப்படவில்லை, சரிபார்க்க இயலவில்லை. இரண்டாம் ஷிப்டுக்கு ஒரு கூடுதல் பணியாளர், அல்லது அந்த ஷிப்டில் சரக்கு இறக்குவதை நிறுத்துதல் ஆகிய இரண்டில் ஒன்றுக்கு ஆணை வேண்டுகிறோம் (பக்கம் 40).
>
> நிறுவனத்தின் வகையைக் காட்டும் உத்யம் பதிவுச் சான்று கோப்பில் உள்ள 11 விற்பனையாளர்களை மட்டுமே இனம் 1இல் பார்க்க முடிந்தது. மற்றவர்களிடம் சான்று கேட்கப்படவில்லை என்பதால் எண்ணிக்கை உயரக்கூடும்.

அறிக்கையில் பாராட்டுக்குரியதாக ஒப்பந்தப்புள்ளி நடைமுறையைப் பற்றி இரண்டு பத்திகள் இருந்தன. அவற்றைக் குறிப்பில் சேர்க்கவில்லை. அவருடைய ஆணை எதையும் அவை மாற்றப்போவதில்லை.

கடைசிப் பத்தியில் "பார்க்க முடியவில்லை" என்று எழுதினால் நம் வேலை அரைகுறை என்று நினைக்க மாட்டார்களா?

அப்படி நினைப்பவரைவிட, மூன்று மாதம் கழித்துச் சட்டப்பூர்வத் தணிக்கையாளர் இன்னும் 10 விற்பனையாளர்களைக் கண்டுபிடித்துச் சொல்லும்போது "இதை ஏன் சொல்லவில்லை" என்று கேட்பவர்தான் நமக்குக் கடினம். அந்தப் பத்திக்கு உடனடிப் பயனும் இருந்தது: எல்லா விற்பனையாளர்களிடமும் உத்யம் சான்று கேட்டு ஒரே வாரத்தில் கடிதம் போயிற்று.

குறிப்பை அனுப்பிய பிறகு எண் மாறிவிட்டால் என்ன செய்வது?

பழைய தாளைச் சத்தமில்லாமல் மாற்றி வைக்காதீர்கள். புதிய தேதியோடு, எது மாறியது, ஏன் மாறியது, கேட்ட ஆணையில் ஏதேனும் மாற்றம் உண்டா என்ற மூன்றையும் முதல் பத்தியிலேயே சொல்லி மறுபடி அனுப்ப வேண்டும். எங்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று. 11 விற்பனையாளர்களில் ஒருவர் நடுத்தர நிறுவனம் என்று சான்றை மறுபடி பார்த்தபோது தெரிந்தது. 45 நாள் விதி குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. அவருடைய 2 பில்களும் நீக்கப்பட்டு 23 என்பது 21 ஆயிற்று. அந்த இரண்டும் ஏற்கெனவே கொடுக்கப்பட்டவை என்பதால் நிலுவையில் இருந்த 9 பில்களில் மாற்றமில்லை. திருத்தக் குறிப்பு மறுநாள் காலையில் போயிற்று. நவம்பர் 30க்கு முன்பே அந்த 9 பில்களுக்கும் வட்டியோடு பணம் போய்ச் சேர்ந்தது.